கண்ணாடி நாரை ஒட்டுவோருக்கு ஒரு தமிழ்க் கையேடு

கொட்டாஞ்சேனையில், கடையொன்றின் மேல்மாடியில், மேசை நிறையக் கேபிள் துண்டுகள் கிடக்கும் ஓர் அறையில்தான் என் மொழிபெயர்ப்புக்கு முதலாவது பரீட்சை நடந்தது. பரீட்சகர் ஒரு தொழில்நுட்ப அண்ணா. ஒளியியல் நார்க் கேபிள்களை ஒட்டும் வேலையில் பல வருடங்களாக இருப்பவர். நான் தட்டச்சுச் செய்து கொண்டுபோன பக்கங்களை அவர் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். நாலாம் பக்கத்தில் நின்றார்.

"தங்கச்சி, ஒட்டுல இழப்பு குறைந்தது 0.1 டெசிபெல் இருக்கோணும் எண்டு எழுதியிருக்கிறீங்க. அப்ப நான் நல்லா ஒட்டி 0.03 வந்தா அது பிழையா?"

எனக்கு முகம் சிவந்து போயிற்று. ஆங்கில மூலத்தில் இருந்தது, இழப்பு 0.1 டெசிபெல் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே. இரவு பதினொரு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், "குறைவு" என்பதை நினைத்துக்கொண்டு "குறைந்தது" என்று எழுதிவிட்டேன். தமிழில் "குறைந்தது பத்துப் பேர் வருவார்கள்" என்றால் பத்துக்குக் குறையாது என்பதல்லவா பொருள்? உச்ச எல்லையாக இருந்த ஒன்றை ஒரே சொல்லில் அடி எல்லையாக மாற்றியிருந்தேன். அந்த வாக்கியத்தை அப்படியே பின்பற்றும் ஒருவர் நல்ல ஒட்டுக்களை உடைத்தெறிந்துவிட்டு, கெட்ட ஒட்டுக்களுக்குச் சரி போட்டிருப்பார்.

கொழும்பில் வீடுகளுக்கு நார் இணைப்புக் கொடுக்கும் ஒப்பந்த வேலைகளுக்கு மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழ் பேசும் இளைஞர்கள் பலர் வருகிறார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கும் இடமொன்றிலிருந்து, நாற்பது பக்கம் கொண்ட ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி வெள்ளவத்தையில் இருக்கும் என்னிடம் கேட்டார்கள். இரண்டு கண்ணாடி நார்களை உருக்கி ஒட்டுவது எப்படி, ஒட்டிய பின் ஒளி எவ்வளவு மெலிகிறது என்று சோதிப்பது எப்படி, இவை இரண்டுந்தான் அதன் விடயம். இக்கல்லூரியில் நான் படித்தது கலைப்பிரிவில். ஆகவே முதல் இரண்டு வாரமும் மொழிபெயர்க்கவில்லை, விடயத்தைப் படித்தேன். அப்படிப் படித்ததில் ஒரு பகுதியையும், அது தமிழுக்கு வந்தபோது பட்ட பாட்டையும் இங்கே சொல்கிறேன்.

நார் என்று நாம் சொல்வது தூய கண்ணாடியால் ஆன ஓர் இழை. அதன் கண்ணாடிப் பகுதியின் விட்டம் 125 மைக்ரோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரில் எட்டிலொரு பங்கு. ஒளி ஓடுவது அதன் நடுவேயுள்ள உள்ளகத்தில் மட்டும். ஒளி பரவி நிற்கும் அந்த வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 9 மைக்ரோமீற்றர். தலைமயிர் ஒன்று இதைப் போலப் பல மடங்கு தடிப்பு. ஒட்டுவது என்பது, இந்த 9 மைக்ரோமீற்றர் வட்டத்தை மறுநாரின் 9 மைக்ரோமீற்றர் வட்டத்துக்கு நேரே பிடித்து, மின்பொறியால் உருக்கி ஒன்றாக்குவது. ஒரு மைக்ரோமீற்றர் விலகினாலும் ஒளி சிந்தும்.

சிந்துவதை அளப்பது டெசிபெல்லில். இது மடக்கை அளவு. 3 டெசிபெல் இழந்தால் ஒளியில் பாதி போய்விட்டது. 10 இழந்தால் பத்திலொன்றே மிச்சம். 20 இழந்தால் நூற்றிலொன்று. 1966 இல் சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்கமும் இங்கிலாந்தில் எழுதிய கட்டுரையில், கண்ணாடி நாரில் கிலோமீற்றருக்கு 20 டெசிபெல் என்ற அளவுக்கு மெலிவைக் குறைத்துவிட்டால் தொலைத்தொடர்புக்கு அது பயன்படும் என்றார்கள். நூற்றிலொரு பங்கு மிஞ்சினாலே போதும் என்பதுதான் அன்றைய ஆசை! 1970 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். காவோவுக்கு 2009 இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் வீதிகளுக்கு அடியில் கிடக்கும் நாரில், 1550 நனோமீற்றர் அலைநீளத்தில், கிலோமீற்றருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் மெலிவு. வெள்ளவத்தையில் புறப்படும் ஒளி 15 கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் பாதியாகும். இப்படிப்பட்ட கண்ணாடியில் ஒரேயொரு மோசமான ஒட்டு 0.4 டெசிபெல்லைத் தின்றுவிட்டால், அது இரண்டு கிலோமீற்றர் நாரை வீணாகச் சேர்த்தது போலாகிவிடும். 0.1 என்ற எல்லைக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மெலிவு, இழப்பு என்று இரண்டு சொற்களை மேலே பாவித்தேன். முதல் வரைவில் இரண்டுக்கும் இழப்பு என்றே போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வேறு சொற்கள். அகராதியில் பார்த்தால் இரண்டும் ஒன்றைப் போலவே தோன்றும். ஆனால் கையேட்டில் ஒன்று நாரின் இயல்பு, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று சொல்லப்படுவது. மற்றையது ஓர் இடத்தில் நடப்பது. ஒட்டில், இணைப்பியில், மடிப்பில். ஒன்றைத் தொழில்நுட்பவியலாளர் மாற்ற முடியாது, மற்றையது அவர் கையில் இருக்கிறது. ஆகவே இயல்புக்கு "மெலிவு" என்றும், இடத்துக்கு "இழப்பு" என்றும் பிரித்து, கடைசிப் பக்கம் வரை அதில் மாறாமல் நின்றேன்.

சொல் தேடும்போது எனக்கு மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர். 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, அதற்காக அறுவைச் சிகிச்சை நூலையும் உடற்கூற்று நூலையும் தமிழில் ஆக்கியவர். அவருக்குத் துணையாக மாணவர்கள் அருகிலேயே இருந்தார்கள். எழுதியதை மறுநாளே வகுப்பில் சொல்லிப் பார்க்க முடிந்தது. எனக்கு அந்தக் கொட்டாஞ்சேனை மேல்மாடி.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகமே எனக்கு முதல் துணை. ஆனால் அதுவே ஒரு பொறியையும் வைத்திருந்தது. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குப் போகும்போது வளைவதை நாம் "முறிவு" என்று படிக்கிறோம். அந்த அளவுக்கு "முறிவுச் சுட்டி" என்று பெயர். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அது ஒளிவிலகல் எண். சோதனைக் கருவியில் இந்த எண்ணை இட வேண்டும். சாதாரண நாருக்கு ஏறக்குறைய 1.468. நான் நம்மூர் வழக்கப்படி முறிவுச் சுட்டி என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே, கேபிள் அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றி வருகிறது. அங்கும் "நார் முறிவு" என்று எழுதியிருந்தேன். அண்ணா கேட்டார்: "முறிவுச் சுட்டி எண்டா, முறிஞ்ச இடத்தக் காட்டுற அம்புக்குறியா?" சிரிப்பதற்குரிய கேள்வி அல்ல அது. சுட்டி என்றால் சுட்டுவது. முறிவு என்றால் முறிந்தது. அவர் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார்.

அந்த எண்ணைப் பிழையாக விட்டால் என்ன நடக்கும்? கருவி தூரத்தை நேரத்திலிருந்து கணக்கிடுகிறது. ஒளி கண்ணாடிக்குள் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை அந்தச் சுட்டிதான் சொல்கிறது. 1.468 இருக்க வேண்டிய இடத்தில் 1.458 இருந்தால், 10 கிலோமீற்றரில் அறுந்த நாரைக் கருவி ஏறக்குறைய 70 மீற்றர் தள்ளிக் காட்டும். காலி வீதியில் 70 மீற்றர் என்றால் அடுத்த ஒழுங்கை. தோண்டுகிறவர்கள் பிழையான ஒழுங்கையில் தோண்டுவார்கள். ஆகவே சுட்டியைச் சுட்டியாகவே வைத்துக்கொண்டு, அறுந்ததை எல்லா இடத்திலும் "அறுவு" என்றும் "நார் அறுந்த இடம்" என்றும் மாற்றினேன்.

இனி வேலையின் ஒழுங்குக்கு வருவோம். நாரின் மேலுள்ள பிளாஸ்டிக் பூச்சை உரிக்க வேண்டும். அதற்கு முன்பே, ஒட்டைக் காக்கும் சிறு குழாயை நாரில் கோத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு கோக்க வழியில்லை. மறந்தவர் ஒட்டை உடைத்துத் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். தையலில், கையை மூட்டிய பிறகு உள்ளே வைக்க வேண்டிய பட்டியை நினைத்துக்கொள்வது போன்ற அவதி. உரித்த பின், தும்பு விடாத துணியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைக்க வேண்டும். பிறகு நாரின் நுனியை நேராக்க வேண்டும். நேராக்கிய பின் நுனியை எதனாலும் தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது.

இந்த நேராக்கும் படியை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லுக்கு அகராதி "பிள", "வெட்டு" என்று தந்தது. நான் "கத்தியால் வெட்டவும்" என்று எழுதியிருந்தேன். அண்ணா ஒன்றும் பேசாமல் ஒரு நாரை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒட்டும் இயந்திரத்தின் திரையில் காட்டினார். பெரிதாகத் தெரிந்த நுனி, பல்லுப்போன சீப்பு மாதிரி இருந்தது. பிறகு கிளீவர் என்ற சிறு கருவியில் வைத்து இன்னொன்றைச் செய்தார். கருவியின் சக்கர அலகு நாரின் பக்கத்தில் மெல்லிய ஒரு கீறல் மட்டும் இட்டது. அடுத்த கணம் நார் வளைந்து, கீறலிலிருந்து ஒடிந்தது. திரையில் கண்ணாடிக் குவளையின் அடி போல மட்டமான முகம். அலகு நாரை வெட்டவேயில்லை. கண்ணாடிக் கடையில் யன்னல் கண்ணாடியை அளவெடுத்து, வைர முனையால் கோடு கீறி, இரு கையாலும் ஒடிப்பார்களே, அதே வித்தைதான். நான் "கீறி ஒடித்தல்" என்று எழுதினேன். கருவியின் பெயரை மாற்றவில்லை, கிளீவர் என்றே விட்டேன். கடையில் போய் அதைத் தமிழில் கேட்பவர் யாருமில்லை.

முகத்தின் சாய்வு ஒரு பாகைக்கு உள்ளே இருக்க வேண்டும். கூடினால் இரண்டு முகங்களும் சரியாகப் பொருந்தாது. உருகும்போது நடுவே குமிழோ இடுப்போ விழும். இயந்திரம் எச்சரிக்கும். எச்சரிக்கையைத் தாண்டி ஒட்டவும் அது இடங்கொடுக்கும் என்பதால், "எச்சரிக்கை வந்தால் மீண்டும் கீறி ஒடிக்கவும்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம். ஒடிந்து விழும் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். அவற்றை மூடியுள்ள போத்தலில் போட வேண்டும். அந்த மேசையில் சோறு சாப்பிடக் கூடாது. நாரின் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் வரவில்லை என்று ஆகாது.

அடுத்தது நிறங்கள். கேபிள் ஒன்றுக்குள் பன்னிரண்டு நார்கள் ஒரு கட்டாக வரும். பிழைபடாமல் ஒட்டுவதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கையேடு பின்பற்றும் அமெரிக்க முறையில் ஒழுங்கும் மாறாது: நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோசா, இளநீலம். பத்தாவது ஊதா என்று எழுதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, இதிலாவது சிக்கல் இல்லை என்று. ஆனால் எங்கள் வீட்டிலேயே வாப்பா நீலச் சட்டையை ஊதாச் சட்டை என்பார். அப்படிச் சொல்பவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஊதா என்பது பத்தாம் நார். இன்னொருவருக்கு அதுவே முதலாம் நார். பத்தையும் ஒன்றையும் மாற்றி ஒட்டினால், இழப்பு மிக நன்றாக இருக்கும், சோதனையும் சித்தியடையும், ஆனால் ஒருவர் வீட்டு இணைப்பு இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். "நாவல்" என்று மாற்றினேன். நாவற்பழத்தைக் கண்டவர் எவரும் அதை நீலம் என்று சொல்லமாட்டார். அதோடு நிறப் பெயருக்குப் பக்கத்தில் இலக்கத்தையும், அந்த நிறத்திலேயே ஒரு சிறு கோட்டையும் அச்சிடச் செய்தோம். அச்சகத்தில் செலவு கூடுகிறது என்றார்கள். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாவற்றிலும் நேரம் எடுத்தது சோதனை அதிகாரம். ஓடிடிஆர் என்று அவர்கள் சொல்லும் கருவி, நாரின் ஒரு நுனியிலிருந்தபடியே முழு வழியையும் அளக்கிறது. கிணற்றுக்குள் கூப்பிட்டுப் பார்ப்பது போல, ஒரு சிறு ஒளித்துடிப்பை உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பி வருவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கண்ணாடி எவ்வளவு தூயதாக இருந்தாலும், ஓடும் ஒளியில் மிக மிகச் சிறு பங்கு எல்லாத் திசையிலும் சிதறும்; அதில் கொஞ்சம் பின்னோக்கி வரும். நான் இதற்குப் "பின்சிதறல்" என்று பெயர் வைத்தேன். ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் இடத்திலிருந்து அது திரும்பி வர ஏறக்குறைய 10 மைக்ரோசெக்கன் ஆகும். நேரத்தைத் தூரமாக்கி, வந்த ஒளியின் வலுவைக் கோடாக வரைந்தால், திரையில் இடமிருந்து வலமாக மெல்லச் சரியும் ஒரு கோடு கிடைக்கும். சரிவு மெலிவைக் காட்டும். ஒட்டு இருக்கும் இடத்தில் கோடு சிறு படியாக இறங்கும்; படியின் உயரமே ஒட்டின் இழப்பு.

இறங்க வேண்டிய அந்தப் படி சிலவேளை ஏறும். அதாவது ஒட்டைத் தாண்டிய பின் ஒளி கூடிவிட்டது போலத் திரை காட்டும். ஆங்கிலக் கையேட்டில் இதற்கு இருந்த சொல்லை நான் "இலாபம்" என்று மொழிபெயர்த்திருந்தேன். அண்ணா அன்றைக்கு உண்மையாகவே சிரித்தார். "இலாபம் கொம்பனிக்கா, தங்கச்சி, எங்களுக்கா?"

கண்ணாடி ஒட்டு ஒளியை உண்டாக்காது என்பது யாருக்கும் தெரியும். பிறகு கோடு ஏன் ஏறுகிறது? இதை விளங்கிக்கொள்ள, அவருக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தையே கணக்காகச் செய்து பார்த்தோம். வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றில், தொடர்மாடிக் கட்டடத்துக்கு நார் கொண்டுபோகும் வேலை. வீதியில் கிடந்தது பழைய வகை நார். கட்டடத்துக்குள் சுவர் மூலைகளில் வளைக்க வேண்டியிருந்ததால், வளைவைத் தாங்கும் புதிய வகை நாரைப் போட்டிருந்தார்கள். இரண்டும் 125 மைக்ரோமீற்றர், வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒளி பரவி நிற்கும் வட்டம் பழையதில் 9.2 மைக்ரோமீற்றர், புதியதில் 8.6 என்று வைத்துக்கொள்வோம்.

வட்டம் சிறிதான நார், பின்னோக்கிச் சிதறும் ஒளியைக் கூடுதலாகப் பிடித்துத் திருப்பி அனுப்பும். எனவே வீதிப் பக்கத்திலிருந்து அளந்தால், ஒட்டைத் தாண்டியதும் எதிரொலி திடீரென உரத்துக் கேட்கும். ஒளி கூடவில்லை, எதிரொலிதான் கூடியது. கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மறுபக்கம், கட்டடத்திலிருந்து அளந்தால், ஒட்டைத் தாண்டியதும் எதிரொலி திடீரெனத் தாழும். இழப்பு உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். 9.2 க்கும் 8.6 க்கும் உள்ள இந்த வித்தியாசம் மட்டும் ஏறக்குறைய 0.29 டெசிபெல்லைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

அன்று அவர் கட்டடத்திலிருந்து அளந்திருக்கிறார். திரை 0.34 டெசிபெல் காட்டியிருக்கிறது. எல்லை 0.1. ஒட்டை உடைத்துத் திரும்ப ஒட்டினார், 0.35. மூன்றாம் முறை 0.33. கிளீவரின் அலகைத் திருப்பி, புதுப் பக்கத்தால் கீறி ஒடித்துப் பார்த்தார், அதே கதை. ஒவ்வொரு முறையும் சில சென்ரிமீற்றர் நார் போய்விடும். ஒட்டுத்தட்டில் சுருட்டி வைத்திருக்கும் மிகை நீளம் குறைந்துகொண்டே வரும். மாலை ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் ஒருவர் வந்து வீதிப் பக்கத்திலிருந்து அளந்தார். அங்கே மறை 0.24. கூட்டி இரண்டால் பிரித்தார்கள்.

```
(0.34 + (-0.24)) / 2 = 0.05 dB
```

ஒட்டு முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஒரே பக்கத்திலிருந்து அளந்ததுதான் பிழை. இரு பக்கமும் அளந்து சராசரி எடுக்கும்போது, ஒரு பக்கம் பொய்யாகக் கூடியதும் மறுபக்கம் பொய்யாகக் குறைந்ததும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒட்டின் உண்மையான இழப்பு மட்டும் மிஞ்சும். அன்று அவர் வீதிப் பக்கம் மட்டும் அளந்திருந்தால் இதைவிட மோசம். உண்மையிலேயே கெட்ட ஒட்டு ஒன்று, 0.3 இழக்கும் ஒட்டு, அந்தப் பக்கத்தில் 0.01 என்று அழகாகத் தெரிந்திருக்கும். அவரும் மூடிவிட்டுப் போயிருப்பார்.

இந்தக் கதைக்குப் பிறகு "இலாபம்" போய், "போலி ஏற்றம்" வந்தது. போலி என்ற சொல்லைக் கண்டதும், இதை நம்பக் கூடாது என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலச் சொல்லில்கூட அந்த எச்சரிக்கை இல்லை. ஒரே எண் மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால் ஒட்டுபவரின் கையைச் சந்தேகிக்காமல் நாரின் வகையைச் சந்தேகிக்க வேண்டும் என்ற ஒரு வரியை அண்ணா சொல்லச் சொல்லச் சேர்த்துக்கொண்டேன். மூலத்தில் அது இல்லை. மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெட்டிக்குள் இட்டு, "தமிழ்ப் பதிப்பின் குறிப்பு" என்று தலைப்புப் போட்டுவிட்டேன்.

சரி, கோடு இறங்குவது உண்மையான இழப்புத்தான் என்று உறுதியானால், அது ஒட்டா, மடிப்பா? இதற்கு இரண்டு அலைநீளங்களில் அளக்கச் சொல்கிறது கையேடு. கெட்ட ஒட்டு 1310 இலும் 1550 இலும் ஏறக்குறைய ஒரே அளவு இழக்கும். நார் எங்கோ இறுக்கமாக வளைந்திருந்தால் 1310 இல் சாதுவாக இருந்துவிட்டு 1550 இல் மட்டும் பெரிதாக இழக்கும். அப்படியானால் ஒட்டை உடைக்க வேண்டியதில்லை. தட்டைத் திறந்து, சுருளைத் தளர்த்தினால் போதும்.

மறைக் குறியிலும் ஒரு விபத்து நடந்தது. முதல் அச்சுப்படியில் "-0.24" என்பதில் கோடு ஒரு வரியின் கடைசியிலும், எண் அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் பிரிந்துவிட்டது. வாசிப்பவருக்கு அது சொல்லை உடைக்கும் கோடு போலத்தான் தெரியும். மறையை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: 0.34 உம் 0.24 உம் சேர்ந்து 0.58, பாதி 0.29. நல்ல ஒட்டு மீண்டும் சித்தியடையாமல் போய்விட்டது! ஆகவே வாக்கியங்களுக்குள் எல்லா இடத்திலும் கணிதப் பாடத்தில் சொல்வது போல "மறை 0.24" என்றே எழுதினோம். சூத்திரத்தில் மட்டும் குறியை விட்டோம், அதையும் தனி வரியில்.

"குறைந்தது" என்ற சொல்லுக்கு மட்டும் இன்னொரு முறை திரும்ப வேண்டியிருந்தது. நான் அந்தச் சொல்லைக் கோப்பு முழுவதும் தேடி அழித்துவிட்டு, எல்லா இடத்திலும் "தாண்டக் கூடாது" என்று போட்டிருந்தேன். அது அடுத்த பிழை. இணைப்பிகள் பற்றிய பக்கத்தில் தெறிப்பு இழப்பு என்று ஓர் அளவு வருகிறது. இணைப்பியின் முகத்தில் பட்டு, வந்த வழியே திரும்பிப் போகும் ஒளி எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டும் எண் அது. 50 டெசிபெல் என்றால் நூறாயிரத்தில் ஒரு பங்குதான் திரும்புகிறது. 60 என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. திரும்புவது குறையக் குறைய எண் கூடும். பெயரில் இழப்பு என்று இருந்தாலும் இந்த ஒன்று மட்டும் கூடக்கூட நல்லது. நீல இணைப்பிக்குக் குறைந்தது 50, முகம் எட்டுப் பாகை சாய்த்துத் தீட்டப்பட்ட பச்சை இணைப்பிக்குக் குறைந்தது 60. இங்கே "குறைந்தது" என்பதே சரியான சொல்! அதை நான் அழித்துவிட்டு, "50 ஐத் தாண்டக் கூடாது" என்று எழுதியிருந்தேன்.

பிறகு அந்த அட்டவணையில் சொல்லையே நம்பாமல், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு நல்ல எண்ணையும் ஒரு கெட்ட எண்ணையும் உதாரணமாகப் போட்டோம். ஒட்டு இழப்பு: 0.04 நல்லது, 0.25 கெட்டது. தெறிப்பு இழப்பு: 55 நல்லது, 35 கெட்டது. அவ்வளவுதான். அண்ணா அதைப் பார்த்துவிட்டு, "இத முதல்லயே போட்டிருக்கலாமே" என்றார்.

கடைசியாக நான் கொட்டாஞ்சேனைக்குப் போன அன்று, அச்சான பிரதியொன்று ஒட்டும் இயந்திரத்தின் பெட்டிக்குள் கிடந்தது. அட்டவணைப் பக்கம் தேத்தண்ணீர்க் கறையோடு மடிந்திருந்தது. ஓரத்தில் பேனையால் யாரோ ஒரு பையன் "குழாய் முதல்ல!!" என்று பெரிதாக எழுதி, அடியில் மூன்று கோடு போட்டிருந்தான்.